ஒரே தொகை, இரண்டு விளம்பரங்கள்: செய்திமடலையும் பாட்காஸ்டையும் நியாயமாக எடைபோடுவது எப்படி?

கேள்வி: "தனியாகத் தொழில் செய்பவர்களுக்கான பில் போடும் மென்பொருள் ஒன்றை மாதம் 20 டாலர் சந்தாவுக்கு விற்கிறேன். 14 நாள் இலவச சோதனை உண்டு. ஒரு செய்திமடலிலும் ஒரு பாட்காஸ்டிலும் தலா 1,000 டாலர் கொடுத்து ஒருமுறை விளம்பரம் செய்தேன். மடலுக்கு 40,000 வாசகர்கள், 45 சதவீதம் பேர் திறக்கிறார்கள் என்றார்கள். பாட்காஸ்டுக்கு 25,000 டவுன்லோட் என்றார்கள். மடல்காரரின் அறிக்கையில் 310 கிளிக், என் தளத்தில் 210 வருகைதான் தெரிகிறது. அதில் 9 பேர் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். பாட்காஸ்டுக்கென்று கொடுத்த லிங்கில் 46 வருகை, 4 பேர் சேர்ந்தார்கள். ஒரு மாதம் ஆகிறது. நான் கொடுத்த விலை சரியா? பாட்காஸ்டை விட்டுவிடலாமா?"

விலையைப் பற்றியும் பாட்காஸ்டை விடுவதைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டிருந்தாலும், இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: உங்கள் கையில் உள்ள எண்கள் எதை எண்ணுகின்றன, எதை எண்ணாமல் விட்டுவிடுகின்றன என்பது. சிறு நிறுவனங்களுக்காக இந்த இரண்டு வகை விளம்பரங்களையும் பல ஆண்டுகளாக வாங்கிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து, உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகமாக மட்டுமே சொல்லக்கூடியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் விலை. இந்தத் துறையில் விலையைப் பெரும்பாலும் ஆயிரம் பேருக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். சிபிஎம் என்பது இதுதான். ஆனால் எந்த ஆயிரம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. உங்கள் செய்திமடல் 40,000 பேருக்குப் போகிறது என்றால், அனுப்பப்பட்ட ஆயிரம் மடலுக்கு 25 டாலர் கொடுத்திருக்கிறீர்கள். அதே பணத்தைத் திறந்தவர்கள் கணக்கில் பார்த்தால், 18,000 பேருக்கு 1,000 டாலர், அதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 56 டாலர். இரண்டும் ஒரே விளம்பரத்தின் விலைதான். ஆகவே ஒரு மடல்காரர் "எங்கள் விலை ஆயிரத்துக்கு 30" என்றும் இன்னொருவர் "எங்களுடையது 50" என்றும் சொன்னால், இருவரும் ஒரே ஆயிரத்தைத்தான் சொல்கிறார்களா என்று கேட்காமல் ஒப்பிடக் கூடாது.

திறந்தவர்கள் என்ற எண்ணையும் முழுமையாக நம்ப முடியாது; அதற்குத் தெளிவான காரணம் உண்டு. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் வைக்கப்பட்டிருக்கும். அது தரவிறங்கினால் மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கு ஏறும். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது, ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைச் சேர்த்தது. அதை இயக்கியிருப்பவர்களுக்கு வரும் மடல்களில் உள்ள படங்களை, வாசகர் மடலைத் தொடாவிட்டாலும், ஆப்பிளின் சேவையகங்களே முன்கூட்டி இறக்கிவிடுகின்றன. அதனால் அந்த வாசகர்கள் அனைவரும் படித்தவர்களாகவே கணக்கில் வருகிறார்கள். ஒரு மடலின் வாசகர்களில் எத்தனை பேர் ஆப்பிள் மெயிலில் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 45 சதவீதம் என்பது உண்மையில் எவ்வளவாகவும் இருக்கலாம். எனவே நான் திறப்பு விகிதத்தை வைத்து விலை பேசுவதில்லை. கடைசியாக விளம்பரம் கொடுத்த நாலைந்து பேருக்கு, அதே இடத்தில், தலா எத்தனை கிளிக் கிடைத்தது என்று கேட்பேன். மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் இதைத் தயங்காமல் தருவார்கள். சராசரியை மட்டும் சொல்லாமல் குறைந்ததையும் கூடியதையும் சேர்த்துச் சொல்பவரிடம் எனக்கு மதிப்பு கூடும்.

உங்களுக்கு 310 என்றும் 210 என்றும் இரண்டு எண்கள் வந்திருப்பதில் யாரும் பொய் சொன்னதாக நினைக்க வேண்டாம். அலுவலக மின்னஞ்சல்களில் பாதுகாப்பு மென்பொருள்கள் இருக்கும். மடல் வந்ததும் அதில் உள்ள லிங்குகளை அவையே திறந்து, ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கும். மடல்காரரின் அமைப்பில் அதுவும் ஒரு கிளிக்தான். உங்கள் தளத்தின் அளவீட்டு நிரலோ உலாவியில் பக்கம் முழுதாகத் திறந்து நிரல் ஓடினால்தான் எண்ணும். ஆகவே அந்த இயந்திரங்களில் பெரும்பகுதி அதில் ஏறாது. மடல் அனுப்பப்பட்ட முதல் ஓரிரு நிமிடங்களில் ஒரே முகவரியிலிருந்து எல்லா லிங்குகளும் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டிருந்தால் அது இயந்திரத்தின் வேலை. இதை வடிகட்டித் தர முடியுமா என்று மடல்காரரிடம் கேட்கலாம். மறுபக்கம், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் குக்கிக்கு அனுமதி மறுத்தவர்களும் உங்கள் 210-இல் விடுபட்டிருப்பார்கள். மெய்யான எண் இரண்டுக்கும் இடையில் இருக்கும். விலைக் கணக்குக்கு நான் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்வேன்: 1,000 டாலருக்கு 210 வருகை, ஒரு வருகைக்கு 4.76 டாலர்.

பாட்காஸ்டில் விலை டவுன்லோட் எண்ணிக்கையில் பேசப்படுகிறது. இங்கே உங்கள் கேள்வியில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. 25,000 டவுன்லோட் என்பது ஒரு எபிசோடுக்கா, மாதத்துக்கா? ஒரு எபிசோடுக்கு, வெளியான 30 நாட்களுக்குள் என்றால், ஆயிரத்துக்கு 40 டாலர் கொடுத்திருக்கிறீர்கள். தொகுப்பாளரே தன் குரலில், நிகழ்ச்சியின் நடுவில் பேசிய விளம்பரமாக இருந்தால் அது வியப்பூட்டும் விலை அல்ல. ஆனால் அது மாதம் முழுவதற்குமான மொத்தம் என்றும், வாரம் ஒரு எபிசோடு வருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மொத்தத்தில் பழைய எபிசோடுகளை இப்போது இறக்கிக் கேட்பவர்களும் அடக்கம் என்பதால், உங்கள் விளம்பரம் வந்த எபிசோடுக்கு 6,000 கூட வந்திராமல் போகலாம். அப்போது விலை ஆயிரத்துக்கு 160 டாலரைத் தாண்டிவிடும். இதே குழப்பத்தால் நாலு மடங்கு விலை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பல நேரங்களில் விற்பவர் ஏமாற்றுவதில்லை. தன் தளத்தின் முகப்பில் பெரிதாகத் தெரியும் எண்ணைச் சொல்லிவிடுகிறார், அவ்வளவுதான்.

டவுன்லோட் என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. இணைய விளம்பரத் துறைக்கான தரநிலைகளை வகுக்கும் ஐஏபி டெக் லேப் அமைப்பின் விதிமுறைப்படி, குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருக்க வேண்டும். ஒரே இணைய முகவரியிலிருந்து, ஒரே செயலி வழியாக, 24 மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்ப வந்தால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். அறியப்பட்ட தானியங்கிகளை நீக்க வேண்டும். நிகழ்ச்சியை வைத்திருக்கும் தளம் இந்த முறையில் எண்ணுகிறதா என்று கேளுங்கள். அப்படி எண்ணினாலும், இறக்கியவர் எல்லோரும் கேட்டவர்கள் ஆக மாட்டார்கள். 2023-இல் ஐஓஎஸ் 17 வந்தபோது ஆப்பிள் பாட்காஸ்ட் செயலி தானாக இறக்கும் முறையை மாற்றியது. கேட்பதை விட்டுவிட்டுப் பின் திரும்பி வந்தவர்களுக்குப் பழைய எபிசோடுகளையெல்லாம் மொத்தமாக இறக்குவதை நிறுத்திக்கொண்டது. கேட்பவர்கள் குறையாமலே பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை குறைந்தது. அதற்கு முந்தைய காலத்து எண்ணை இன்றும் யாராவது காட்டினால் அதை வைத்து விலை பேச வேண்டாம். கடைசி ஆறு எபிசோடுகளின் 30 நாள் கணக்கைக் கேளுங்கள்.

ஆயிரத்துக்கு எவ்வளவு என்பது அடுத்தவரின் விலையோடு ஒப்பிடத்தான் உதவும். உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதை அது சொல்லாது. அதற்கு ஒரு வாடிக்கையாளர் உங்களிடம் எவ்வளவு விட்டுச் செல்கிறார் என்று தெரிய வேண்டும். மாதம் 20 டாலரில் பணப்பரிமாற்றக் கட்டணம், சேவையகச் செலவு, உதவிக்கான நேரம் எல்லாம் போக 16 மிஞ்சுகிறது என்று கொள்வோம். ஒருவர் சராசரியாக 10 மாதம் இருந்தால் 160 டாலர். 1,000 டாலரை அதனால் வகுத்தால் 6.25, ஆக, 7 பேர் சேர்ந்தால் போட்ட பணம் திரும்பும். அந்தக் கணக்கில் செய்திமடல் தேறிவிட்டது, பாட்காஸ்ட் தேறவில்லை. ஆனால் உங்களிடம் சேர்பவர்கள் சராசரியாக 6 மாதத்தில் போய்விடுகிறார்கள் என்றால் ஒருவருக்கு 96 டாலர்தான், 11 பேர் தேவை, செய்திமடலும் தேறாது. அதாவது உங்கள் கேள்விக்கான விடை, கிளிக் எண்ணிக்கையைவிட, நீங்கள் கேள்வியில் குறிப்பிடவே செய்யாத ஒரு எண்ணைச் சார்ந்திருக்கிறது. 16, 10, 6 ஆகியவை நான் போட்டவை. உங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். தொழில் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை என்றால் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வது நல்லது.

இனி லிங்குக்கு வருவோம். செய்திமடலில் லிங்க் கண்முன்னே நிற்கிறது, தொட்டால் போதும். பாட்காஸ்ட் கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். பெயர் மனத்தில் தங்கினால் மாலையில் தேடுபொறியில் தட்டி வருவார், அல்லது முகவரியை நேரடியாக அடித்து முகப்புப் பக்கத்துக்கு வருவார்; சாய்கோட்டுக்குப் பிறகு தொகுப்பாளர் சொன்ன சொல்லை நினைவில் வைத்திருக்க மாட்டார். அவர் உங்கள் கணக்கில் தேடல் வழியாகவோ நேரடியாகவோ வந்தவராகவே பதிவாவார். செய்திமடலின் 210, அதனால் வந்தவர்களில் பெரும்பாலோரைக் காட்டுகிறது. பாட்காஸ்டின் 46, அதனால் வந்தவர்களில் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகிறது. அந்தப் பகுதி எவ்வளவு என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விகிதம் எதுவும் கிடையாது. விற்பவர்கள் சிலர் "லிங்கில் தெரிவதை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். உங்கள் தளத்தில் அளந்து பார்க்காமல் அந்த மூன்றை ஏற்க வேண்டாம்.

அளக்கும் வழி எளிது. பதிவுசெய்யும் பக்கத்தில் "எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று ஒரு வரி கேளுங்கள். உங்கள் அளவில் பட்டியல் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட, காலிப் பெட்டியை விட்டு எழுதச் சொல்வதே மேல். பட்டியலில் முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இதை ஒரு எடுத்துக்காட்டோடு பார்ப்போம். விளம்பரம் வந்த மாதத்தில் எல்லா வழிகளிலுமாக 60 பேர் சேர்ந்தார்கள், அவர்களில் 40 பேர் பதில் எழுதினார்கள், 6 பேர் அந்தப் பாட்காஸ்டின் பெயரை எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். லிங்க் வழியாக வந்த 4 பேரில் 2 பேர் அந்த 6 பேருக்குள் இருக்கிறார்கள். மற்ற 2 பேர் பதில் எழுதவில்லை. அப்படியானால் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் 8 பேர். பதில் எழுதாதவர்களும் எழுதியவர்களைப் போன்றவர்களே என்று கொண்டால், 40-இல் 6 என்ற விகிதத்தில், 60-க்கு 9 பேர். லிங்க் காட்டிய 4, இப்போது 8 அல்லது 9. அதே 40 பேரில் செய்திமடலைச் சொன்னவர்கள் 7 என்றால், 60-க்கு 10 அல்லது 11. லிங்க் ஏற்கெனவே 9 காட்டிவிட்டது. ஒரே கேள்வியை இரு வழிக்கும் பொதுவாகக் கேட்டதும், இரண்டுக்கும் இடையில் தெரிந்த பெரிய இடைவெளி பெரும்பாலும் அளவுகோலின் இடைவெளி என்று தெரிகிறது. உங்கள் விஷயத்திலும் இப்படித்தான் வரும் என்று நான் சொல்லவில்லை, வராமலும் போகலாம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் 4 என்பதை விடையாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் உறுதி. மனித நினைவு தவறக்கூடியது என்பதையும், பாட்காஸ்டில் கேட்டுவிட்டுத் தேடி வந்தவர் "கூகுள்" என்று எழுதிவிடுவார் என்பதையும் மறக்க வேண்டாம்.

லிங்க் அமைப்பதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. செய்திமடலுக்கு நீளமான முகவரி இருந்தாலும் பாதகமில்லை, யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. பாட்காஸ்டுக்குக் காதால் கேட்டு எழுதக்கூடிய, கோடு, எண் எதுவும் இல்லாத ஒரே சொல் வேண்டும். நிகழ்ச்சியின் பெயரே சிறந்தது. அந்தக் குறுமுகவரியை உங்கள் சேவையகம், வந்தவர் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்டும் utm குறிகளோடு கூடிய முழு முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும்.

```
செய்திமடல்:
https://example.com/start?utm_source=vaaramadal&utm_medium=newsletter&utm_campaign=march&utm_content=top

பாட்காஸ்ட் (சொல்வது):
example.com/oli
பாட்காஸ்ட் (திருப்பப்படுவது, 302):
https://example.com/start?utm_source=oli&utm_medium=podcast&utm_campaign=march
```

இதில் 302 என்பது தற்காலிகத் திருப்பம். நிரந்தரத் திருப்பமான 301-ஐப் போட்டால் உலாவிகள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் வேறு பக்கத்துக்கு மாற்ற நினைத்தால் முன்பு வந்தவர்கள் பழைய இடத்துக்கே போவார்கள். குறிகளை எப்போதும் சிறிய எழுத்தில் எழுதுங்கள். பெரிய எழுத்தில் ஒருமுறையும் சிறிய எழுத்தில் ஒருமுறையும் எழுதினால் அளவீட்டுக் கருவி இரண்டு தனி வழிகளாகக் காட்டும். மடல் வெளியாகும் முன் சோதனைப் பிரதி ஒன்றை உங்களுக்கு அனுப்பச் சொல்லி, நீங்களே தொட்டுப் பார்த்து, குறிகள் முகவரிப் பட்டையில் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். மடல் அனுப்பும் மென்பொருள் லிங்கைத் தன் வழியாகச் சுற்றி அனுப்புவதால் சில சமயம் அவை வழியில் உதிர்ந்துவிடும்.

உங்களுக்கு 14 நாள் சோதனைக்காலம் இருப்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சஃபாரி உலாவி, பக்கத்தில் ஓடும் நிரல் எழுதிய குக்கியை 7 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. முதல் நாள் லிங்க் வழியாக வந்து, 14 நாள் கழித்துப் பணம் கட்டுபவரின் மூலம் எது என்பதை அந்தக் குக்கியை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. அவர் சோதனைக்குப் பெயர் கொடுக்கும் அந்த நிமிடத்திலேயே குறிகளை எடுத்து, உங்கள் தரவுத்தளத்தில் அவருடைய பதிவோடு சேர்த்து எழுதிவிடுங்கள். பிறகு எப்போது பணம் கட்டினாலும் எங்கிருந்து வந்தவர் என்று தெரியும். நீங்கள் சொன்ன 9-உம் 4-உம் இந்த முறையில் எண்ணப்பட்டவையா, அளவீட்டுக் கருவியின் அறிக்கையிலிருந்து எடுத்தவையா என்று பாருங்கள். அறிக்கையிலிருந்து என்றால் இரண்டுமே உண்மையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

தள்ளுபடிக் குறியீடு கொடுப்பதும் உதவும், ஆனால் அது எதிர்த்திசையில் பிழை செய்யும். லிங்க் விடுபட்டவர்களை எண்ணாமல் விடுகிறது; குறியீடோ சம்பந்தமில்லாதவர்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறது. பணம் கட்டும் பக்கத்தில் குறியீட்டுப் பெட்டியைப் பார்த்ததும், அடுத்த தாவலில் தேடி எடுத்துவந்து ஒட்டுபவர்கள் உண்டு. அதைத் தானாகவே செய்யும் உலாவி நீட்சிகளும் உண்டு. விளம்பரம் வந்து பல வாரங்கள் கழித்து, குறுமுகவரிக்கு வருகையே இல்லாமல், குறியீட்டின் பயன்பாடு மட்டும் திடீரென்று ஏறினால் அது கசிந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனிக் குறியீடு கொடுத்து, 60 நாளில் காலாவதியாகும்படி வைத்தால் சேதம் குறையும்.

அடுத்தது, எண்கள் சிறியவை என்பது. 9 பெரிது, 4 சிறிது என்று பார்த்தவுடன் மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஒரு நாணயத்தை 13 முறை சுண்டினால், நாணயத்தில் எந்தக் குறையும் இல்லாமலே, 9-க்கு 4 அல்லது அதைவிடச் சாய்வான முடிவு நாலில் ஒரு முறைக்குச் சற்று அதிகமாகவே வரும். அதாவது இரண்டு விளம்பரங்களும் உண்மையில் சமமாகவே வேலை செய்தாலும் உங்களுக்கு இதே எண்கள் கிடைத்திருக்கலாம். இன்னொரு விதமாகச் சொன்னால், 9 பேர் வந்த விளம்பரத்தின் உண்மையான வலிமை 4-க்கும் 17-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 4 பேர் வந்ததன் வலிமை 1-க்கும் 10-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இது 95 சதவீத நம்பக வரம்பு. உங்களுக்குத் தேவையான 7 என்ற எண் இரண்டு வரம்புகளுக்குள்ளும் இருக்கிறது. ஆகவே செய்திமடல் வென்றுவிட்டது என்று சொல்வதற்கும் இன்னும் ஆதாரம் போதாது. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை, தோற்றதைப் பற்றி மட்டுமே சந்தேகப்படுகிறார்கள்.

காலமும் இரண்டுக்கும் ஒன்றல்ல. செய்திமடலின் கிளிக்குகளில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளிலேயே வந்து முடிந்துவிடும். உங்கள் சோதனைக்காலத்தையும் சேர்த்து மூன்று வாரத்தில் அதன் கணக்கை மூடிவிடலாம். பாட்காஸ்டை வெளியான அன்றே கேட்பவர்களும் உண்டு, மூன்று வாரம் சேர்த்து வைத்துக் கேட்பவர்களும் உண்டு. மூன்றாவது வாரத்தில் கேட்டுச் சோதனையில் சேர்ந்தவர் ஒரு மாத முடிவில் இன்னும் பணம் கட்டியிருக்கவே மாட்டார். நான் பாட்காஸ்டுக்கு 60 நாள் கொடுப்பேன். விளம்பரம் ஒலிக்கோப்போடு சேர்த்துப் பதிவானதா, டவுன்லோட் செய்யும்போது செருகப்படுவதா என்பதையும் கேளுங்கள். சேர்ந்தே பதிவானால், பழைய எபிசோடை அடுத்த ஆண்டு கேட்பவரும் உங்கள் விளம்பரத்தைக் கேட்பார். செருகப்படுவது என்றால், நீங்கள் வாங்கிய எண்ணிக்கை தீர்ந்ததும் அது மறைந்துவிடும். விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் அளக்க முடியாதவை மீந்து நிற்கும். மடலையும் படித்து பாட்காஸ்டையும் கேட்டவர் எதனால் வந்தார் என்பதை அவராலேயே சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்துத் தேவை வரும்போது பெயரை நினைவுகூர்ந்து வருபவரை எந்தக் கணக்கும் பிடிக்காது. விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர் அந்த 9 பேரில் எத்தனை பேர் என்பதும் தெரியாது. நாள்தோறும் இரண்டு பேர் சேரும் தளத்தில், விளம்பரத்துக்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவதும் அவ்வளவாகக் கைகொடுக்காது, ஏனென்றால் வழக்கமான ஏற்ற இறக்கமே அதை மூடிவிடும். இணைய முகவரியை ஒப்பிட்டு, கேட்டவரே வந்தவர் என்று காட்டும் சேவைகள் இருக்கின்றன. ஒரே அலைபேசி வலையமைப்பில் ஏராளமானோர் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் அதன் முடிவுகளிலும் பிழை உண்டு. உங்கள் செலவின் அளவுக்கு அது தேவையும் இல்லை.

ஆகவே உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது இதுதான். முடிவெடுப்பதை ஒத்திவைத்து, பாட்காஸ்ட்காரருக்கு இன்றே எழுதி, 25,000 என்பது எதன் எண்ணிக்கை, 30 நாளில் என் எபிசோடுக்கு எத்தனை வந்தது, எந்த விதிமுறைப்படி எண்ணப்பட்டது என்று கேட்பேன். மாத மொத்தத்தைத்தான் சொன்னார் என்று தெரிந்தால், எபிசோடின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலையைக் குறைக்கவோ, குறைந்த எண்ணிக்கைக்கு ஈடாக இன்னும் சில எபிசோடுகளில் இலவசமாகப் பேசவோ சொல்வேன். இப்படி ஈடுகட்டுவது இந்தத் துறையில் வழக்கம்தான், கேட்பதில் தயக்கம் வேண்டாம். இரண்டுக்கும் மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

எண்ணிக்கை சரியாக இருந்தால், பதிவுப் பக்கத்தில் அந்த ஒரு வரிக் கேள்வியைச் சேர்த்த பிறகு, இரண்டிலும் இன்னும் இரண்டு முறை வீதம் வாங்குவேன். சேர்த்து வாங்கும்போது விலை குறைத்துத் தருவார்கள். ஒரே மடலில் இரண்டாவது, மூன்றாவது முறை கிளிக் குறைவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன், ஏனென்றால் உடனே தேவைப்பட்டவர்கள் முதல் முறையே தொட்டுவிடுகிறார்கள். பாட்காஸ்டில் மாறாக, திரும்பக் கேட்கும்போதுதான் பெயர் மனத்தில் ஏறுகிறது. இது என் அனுபவம், எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று சொல்ல மாட்டேன். வாங்கும் முன்பே வரம்பை எழுதி வைத்துவிடுவேன்: மூன்று முறைக்கும் சேர்த்து, லிங்க், குறியீடு, பதில் எல்லாவற்றிலும் அடையாளம் கண்டவர்களை ஒருவரை இருமுறை எண்ணாமல் கூட்டினால் 21 பேர் வர வேண்டும். 21-ஐத் தாண்டினால் தொடர்வேன். 10-க்குக் கீழே போனால் விடுவேன். இடையில் நின்றால் விளம்பர வாசகத்தையும் வந்து இறங்கும் பக்கத்தையும் மாற்றி, மேலும் ஒரு முறை மட்டும் பார்ப்பேன். முடிவைப் பார்த்த பிறகு வரம்பை வகுத்தால், பிடித்த நிகழ்ச்சிக்கு அது தாழ்ந்துகொண்டே போகும்.

அந்த இடைநிலையில் எதை மாற்றுவது என்பதற்கு ஒரு குறிப்பு. வருகையே குறைவாக இருந்தால் பார்வையாளர்களோ வாசகமோ பொருந்தவில்லை. வருகை போதுமான அளவுக்கு இருந்து சேர்க்கை மட்டும் குறைந்தால் முதலில் உங்கள் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள், பிறகு அவர்களை. உங்கள் மடலில் 210 பேரில் 9 பேர், அதாவது நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்று மேல், பணம் கட்டியிருக்கிறார்கள். பாட்காஸ்ட் லிங்கில் 46 பேரில் 4 பேர், நூற்றுக்கு கிட்டத்தட்ட 9 பேர். எண் சிறியது என்பதால் இதிலும் உறுதி இல்லை. ஆயினும் முகவரியை நினைவில் வைத்து, தேடித் தட்டி வரும் அளவுக்கு முனைப்புள்ளவர் வாங்குவதற்குச் சற்றுத் தயாராகவே வருகிறார் என்பதோடு அது ஒத்துப்போகிறது. அந்த 4 பேர் ஆறாவது மாதத்தில் எத்தனை பேராக நிற்கிறார்கள், செய்திமடலின் 9 பேர் எத்தனை பேராக நிற்கிறார்கள் என்பதையும் தனியாகக் குறித்து வையுங்கள். ஒருவருக்கு 96 டாலரா, 160 டாலரா என்பது இரண்டு வழிகளுக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.